60 நாள் நோட்டீஸில் 30 நாள் வேலை செய்தேன். இறுதிக் கணக்கில் நானே 19,633 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார்கள்

கணக்கெழுதி

வணக்கம். ஒரு தனியார் நிறுவனத்தின் அலுவலகப் பிரிவில் 6 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா செய்தேன். நியமன ஆணைப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். புதிய வேலையில் சேர வேண்டிய அவசரத்தில் 30 நாள் வேலை செய்து, சென்ற மாதம் 18ஆம் தேதி வியாழக்கிழமை விலகிக்கொண்டேன். அன்று மாலையே மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டேன். இப்போது, மூன்று வாரம் கழித்து, ஹெச்ஆர் பிரிவிலிருந்து இறுதிக் கணக்கு வந்திருக்கிறது. என் மாதச் சம்பளம் 40,000 ரூபாய்: அடிப்படை 16,000, வீட்டு வாடகைப்படி 16,000, பயணப்படி 8,000. அவர்கள் அனுப்பிய கணக்கு இது.

18 நாள் சம்பளம்: 24,000
மீதமிருந்த 11 நாள் விடுப்புக்கு: 5,867
நோட்டீஸ் குறைவுக்காகப் பிடித்தம்: 40,000
மடிக்கணினித் திரை சேதம்: 9,500
நான் கட்ட வேண்டியது: 19,633

இந்தத் தொகையைக் கட்டிய பிறகுதான் பணிக்கொடைக் கணக்கைப் பார்ப்பார்களாம், விடுவிப்புக் கடிதமும் அதன் பிறகுதான் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்கள். இது சரியா? கட்டித்தான் ஆக வேண்டுமா?

நடுத்தெரு

நண்பரே, இறுதிக் கணக்கை 45 நாளுக்குள் முடித்தால் போதும் என்பதுதான் சட்டம். மூன்று வாரத்தில் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அவர்கள் வேகமாகவே செயல்பட்டிருக்கிறார்கள். மேலும், ஊதியம் வழங்கல் சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் 40,000 வாங்கியவர். தொழிலாளர் துறைக்குப் போனாலும் மனுவை எடுக்க மாட்டார்கள், உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. வழக்குச் செலவை எண்ணிப் பார்த்தால் பேசித் தொகையைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

மனுதாரர் பக்கம்

மேலே எழுதியவர் சொல்வதில் ஒரு பாதி, சில காலம் முன்புவரை சரியாக இருந்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்துக்கு 24,000 ரூபாய் உச்சவரம்பு இருந்தது உண்மை. நிறுவனமே வேலையிலிருந்து நீக்கினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னதே தவிர, தானாக ராஜினாமா செய்தவரைப் பற்றி அங்கே வெளிப்படையாக எதுவும் இல்லை. 30 நாள், 45 நாள், 60 நாள் என்ற பழக்கங்கள் அந்த இடைவெளியில் வளர்ந்தவை; 45 நாள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, நீக்கம், பணிநீக்கத் தண்டனை, ஆட்குறைப்பு, ராஜினாமா, நிறுவனம் மூடப்படுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே கெடுவை வைக்கிறது: இரண்டு வேலைநாள். இங்கே சம்பள உச்சவரம்பு கிடையாது. மேலாளர் நிலையில் இருப்பவர்களும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். ஆகவே 18ஆம் தேதி வியாழக்கிழமை விலகியவருக்கு, சனிக்கிழமை வேலைநாளாக இருக்கும் நிறுவனம் என்றால் 20ஆம் தேதிக்குள்ளும், சனி விடுமுறை என்றால் 22ஆம் தேதி திங்கள்கிழமைக்குள்ளும் சம்பளம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

அவர்கள் காலம் கடத்தியது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை அந்தப் பிடித்தங்களில் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மழைநாள்

ஒரு சந்தேகம். சட்டத்தில் 'ராஜினாமாவிலிருந்து இரண்டு நாள்' என்றுதானே இருக்கிறது? அப்படியானால் ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டாமா? நான் கடிதம் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் நோட்டீஸ் காலத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கே கேட்கலாமா?

மனுதாரர் பக்கம்

கேட்க முடியாது. நோட்டீஸ் காலம் முழுவதும் நீங்கள் ஊழியர்தான். மாதச் சம்பளம் வழக்கம்போல அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும், அவ்வளவே. உங்களை விடுவிக்கும் நாளிலிருந்துதான் இரண்டு நாள் கணக்கு ஓடத் தொடங்கும்.

பதினைந்தாண்டு ஹெச்ஆர்

எதிர்த்தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இரண்டு நாள் என்பது முடியாத காரியம் இல்லை, ஆனால் பழைய முறையில் வேலை செய்தால் முடியாது. பல நிறுவனங்களில் ஊழியர் போன பிறகுதான் கணினிப் பிரிவு, கணக்குப் பிரிவு, நூலகம் என்று ஒவ்வொரு மேசைக்கும் 'பாக்கி இல்லை' படிவம் பயணம் போகத் தொடங்கும். ஒரு மேசையில் ஆள் விடுப்பில் இருந்தால் படிவம் அங்கேயே கிடக்கும். நாங்கள் இப்போது கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே பொருள்களைச் சரிபார்த்துவிடுகிறோம்; விடுப்பு இருப்பையும் முன்பணத்தையும் ஊழியரிடமே காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்கிறோம். கடைசி நாளில் வருகைப்பதிவைச் சேர்ப்பது மட்டுமே மிச்சம்.

ஆனால் எல்லாப் பணமும் இரண்டு நாளில் வர வேண்டும் என்று ஊழியர்கள் நினைப்பது தவறு. அந்தக் கெடு ஊதியத்துக்கு மட்டும். ஆண்டு போனஸ், விற்பனைக் கமிஷன், பணிக்கொடை ஆகியவை அந்தப் பிரிவின் கணக்கில் ஊதியம் அல்ல.

நோட்டீஸ் குறைவு பற்றி: ஊழியர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. 60 நாள் என்று ஒப்புக்கொண்டு 30 நாளில் போனால் மீதி 30 நாளுக்கு நிறுவனம் பணம் கேட்பதில் என்ன தவறு? நாங்கள் அனுப்பினால் நோட்டீஸ் சம்பளம் கொடுக்கிறோம் அல்லவா?

மனுதாரர் பக்கம்

கேட்பதில் தவறில்லை. சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வதுதான் கேள்வி. அவை இரண்டும் வேறு வேறு உரிமைகள்.

சம்பளத்தில் என்னென்ன பிடிக்கலாம் என்பதற்கு 18ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாததைப் பிடிக்கக் கூடாது. அபராதம், வேலைக்கு வராத நாள், ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குச் சேதம், முன்பணம், கடன், வரி, வைப்பு நிதி என்று போகும் அந்தப் பட்டியலில் 'நோட்டீஸ் குறைவு' என்று ஓர் இனம் இல்லை. நிறுவனங்கள் வழக்கமாக 'வேலைக்கு வராத நாள்' என்ற இனத்தின் கீழ் இதை நியாயப்படுத்தும். ஆனால் வராத நாளுக்கான பிடித்தம், அந்த நாள்களின் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. கணக்கெழுதி 19ஆம் தேதியிலிருந்து வரவில்லை, அந்த நாள்களுக்குச் சம்பளமும் வாங்கவில்லை. வராத நாளுக்கான இழப்பு அதோடு தீர்ந்துவிட்டது. அதற்கு மேல், ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த 24,000 ரூபாயிலிருந்து இன்னொரு 40,000 எடுப்பதற்கு அந்த இனம் இடம் தராது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், ஒப்பந்தம் நோட்டீஸைக் கேட்கும் பட்சத்தில் 8 நாள் சம்பளம் வரை கூடுதலாகப் பிடிக்கலாம் என்று அதே இடத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. பத்துப் பேர் சேர்ந்து போனாலே 8 நாள்தான் என்னும்போது, தனி ஒருவருக்கு 30 நாள் பிடிப்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடு வேண்டும் என்றால் நிறுவனம் நீதிமன்றத்தில் கேட்கட்டும்.

பதினைந்தாண்டு ஹெச்ஆர்

இந்த வாசிப்பை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொடுத்த தொகையை அவருடைய பணத்தில் ஈடுசெய்வது நடைமுறையில் எல்லா இடத்திலும் இருக்கிறது. நோட்டீஸ் குறைவுக்காக வாங்கும் தொகைக்குச் சரக்கு சேவை வரி கிடையாது என்று வரித்துறையே 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அப்படி ஒரு வசூல் இருப்பதை அரசு அறிந்தே இருக்கிறது என்பதுதானே அதன் பொருள்?

மனுதாரர் பக்கம்

வசூல் இருக்கிறது என்பதை அந்தச் சுற்றறிக்கை ஏற்கிறது. அதைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அது சொல்லவில்லை, சொல்லும் அதிகாரமும் அதற்கு இல்லை. சரி, இந்த இடத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம். ஆனால் நீங்கள் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கணக்கு நிற்காது. ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று அதே 18ஆம் பிரிவு சொல்கிறது. 24,000 ரூபாயில் 12,000 எந்த நிலையிலும் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். 'நீ எனக்குத் தர வேண்டும்' என்று எதிர்மறையில் முடியும் இறுதிக் கணக்கைச் சம்பளக் கணக்காக யாரும் எழுத முடியாது.

பதினைந்தாண்டு ஹெச்ஆர்

பாதி வரம்பை மறுக்கவில்லை. அதை எங்கள் மென்பொருளிலேயே பூட்டி வைத்திருக்கிறோம்.

மடிக்கணினி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் ஊழியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பொருளைத் திருப்பி வாங்கியபோது அதன் நிலையை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத் திரை உடைந்திருக்கிறது என்றால் அது யார் கையில் உடைந்தது என்று எப்படிச் சொல்வது?

மனுதாரர் பக்கம்

21ஆம் பிரிவும் அதைத்தான் கேட்கிறது. காரணம் கேட்டு, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்கலாம். உண்மையான இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது. கணக்கெழுதி, உங்களிடம் யாராவது விளக்கம் கேட்டார்களா? பழுதுபார்த்த ரசீதைக் காட்டினார்களா?

கணக்கெழுதி

விளக்கம் கேட்கவில்லை, ரசீதும் இல்லை. ஒப்படைத்த அன்று கணினிப் பிரிவில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்த நிறுவன மின்னஞ்சல் இப்போது எனக்குத் திறக்காது. ஆனால் என் சொந்த முகவரிக்கும் நகல் வந்திருக்கிறது, இப்போதுதான் தேடி எடுத்தேன்.

இன்னொன்றும் கிடைத்தது. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு என் மேலாளர் எழுதிய பதிலில், '18ஆம் தேதி அலுவலக நேர முடிவில் உங்களை விடுவிக்கிறோம்' என்று மட்டும் இருக்கிறது. நோட்டீஸ் குறைவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

பதினைந்தாண்டு ஹெச்ஆர்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! நிறுவனமே தேதியைக் குறித்து, நிபந்தனை இல்லாமல் விடுவித்திருந்தால் என் வாதம் பெரிதும் வலுவிழக்கிறது. மேலாளருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நிறுவனம் சொல்லக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். ஆனால் அந்தத் தேதி வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே தேதியில் பொருள்களையும் வாங்கிக்கொண்ட நிறுவனம் அப்படிச் சொல்வது எளிதல்ல.

தேனீ

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பழைய நிறுவனமும் இதேபோல இறுதிக் கணக்கில் பிஎஃப் பணத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கிறது. அதையும் இரண்டு நாளில் கேட்கலாமா?

மனுதாரர் பக்கம்

பிஎஃப் பணம் நிறுவனத்திடம் இல்லை, வைப்பு நிதி அமைப்பிடம் இருக்கிறது. அது இறுதிக் கணக்கில் வராது. நிறுவனம் செய்ய வேண்டியது நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்வது. அதைச் செய்யாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அது வேறு, கடுமையான புகார். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

கணக்கெழுதி

பணிக்கொடை பற்றி யாரும் சொல்லவில்லையே. தொலைபேசியில் கேட்டபோது, 'எப்படியும் 55,000 அளவுக்குத்தான் வரும், பாக்கியைக் கழித்துக்கொண்டு கொடுக்கிறோம்' என்றார்கள். அப்படிக் கழித்துக்கொள்வதற்கு ஒப்புக்கொண்டு முடித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

மனுதாரர் பக்கம்

ஒப்புக்கொள்ளாதீர்கள். பணிக்கொடைக்கு இரண்டு நாள் கெடு பொருந்தாது, 30 நாள்; அதற்கு மேல் தாமதித்தால் வட்டி சேரும். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்து ராஜினாமா செய்தவரின் பணிக்கொடையை நோட்டீஸ் குறைவுக்கோ திரைக்கோ பிடித்து வைக்க முடியாது. அதைப் பறிமுதல் செய்யும் அதிகாரம், ஊழியரின் செயலுக்காக அவரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கிய சில சூழல்களில் மட்டுமே எழும். உங்களை யாரும் நீக்கவில்லை.

அவர்கள் சொல்லும் 55,000 எப்படி வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 6 ஆண்டுக்குக் கணக்கிட்டால் 55,385 வரும். இதில் இரண்டு இடத்தில் குறை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு ஆண்டாக எடுக்க வேண்டும் என்பதால் 6 ஆண்டு 7 மாதம் என்பது 7 ஆண்டு. அடுத்து, புதிய சட்டத் தொகுப்புகளில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் படிகள் 24,000. மொத்தத்தில் பாதி 20,000. தாண்டிய 4,000 அடிப்படையோடு சேர்ந்து ஊதியம் 20,000 ஆகிறது. அதை 26ஆல் வகுத்து 15ஆலும் 7ஆலும் பெருக்கினால் 80,769. நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கையும் மொத்தத்தில் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.

பதினைந்தாண்டு ஹெச்ஆர்

7 ஆண்டு என்பதில் மறுப்பில்லை. 20,000 என்பதில் எங்கள் ஆலோசகர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. 2025 நவம்பருக்கு முந்தைய சேவைக்கும் புதிய வரையறையையே போட வேண்டுமா, அந்தக் காலத்துக்குப் பழைய அடிப்படைச் சம்பளமா என்று இரண்டு விதமாகவும் எழுதித் தருகிறார்கள்.

மனுதாரர் பக்கம்

கடைசியாக வாங்கிய ஊதியத்தின் மேல் கணக்கிடுவதுதான் பணிக்கொடை. சேவையைத் துண்டுகளாக வெட்டி வெவ்வேறு விகிதம் போடும் வழக்கம் முன்பும் இருந்ததில்லை, சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் கடைசிச் சம்பளமே முழுச் சேவைக்கும் போனது. எனவே என் கருத்து 20,000 பக்கம். மேல்நிலையில் ஒரு தீர்ப்பு வரும்வரை சண்டை ஓயாது என்பதை ஏற்கிறேன். பழைய அடிப்படையிலேயே போட்டாலும் 7 ஆண்டுக்கு 64,615 வருகிறது. அதைவிடக் குறைந்த தொகைக்கு எந்த வாதமும் இல்லை.

வாசற்படி

எனக்கு நிலைமை வேறு. நான் ராஜினாமா செய்யவில்லை. ஒரு நாள் காலையில் திட்டம் முடிந்துவிட்டது, நாளை முதல் வர வேண்டாம் என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது. முதலாளி 'பணம் வந்ததும் தருகிறேன்' என்கிறார். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒரு மாதச் சம்பளத்தை உடனே தருவதாகவும் சொல்கிறார். வீட்டு நிலைமையில் கையெழுத்திட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

மனுதாரர் பக்கம்

சட்டப்படி சேர வேண்டிய ஊதியத்தை ஊழியர் விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்று ஊதியத் தொகுப்பின் 60ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி விட்டுக்கொடுப்பு அல்ல, பணம் கிடைத்ததற்கான சாட்சி. அதைப் பொய் என்று பிறகு நீங்கள் போராடிக் காட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 'இன்ன மாதச் சம்பளம் இவ்வளவு மட்டும் பெற்றேன், மீதிக்கான உரிமையை விடவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதினால் தர மாட்டேன் என்றால், அந்தப் பேச்சை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வரவழையுங்கள்.

மனு 45ஆம் பிரிவின் கீழ். மூன்று ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. முன்பு அது 12 மாதம்தான். தர வேண்டிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கும் கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள், அது உச்ச அளவு. உங்களுக்கு மிகவும் உதவுவது 59ஆம் பிரிவு: பணம் கொடுத்தாகிவிட்டது என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் பெரும்பாலும் மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தொடங்க வேண்டும். வங்கி, ரயில்வே, சுரங்கம் போன்றவை மத்திய அரசின் வரம்பில் வரும்.

நோட்டீஸ் இல்லாமல் அனுப்பியதும் ஆட்குறைப்பு இழப்பீடும் தனிக் கோரிக்கைகள். எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள், என்ன வேலை என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

நடுத்தெரு

நான் முதலில் எழுதியது பழைய சட்டம் என்று தெரிகிறது, சரி. ஆனால் ஒன்று. முதலாளியிடம் உண்மையிலேயே பணம் இல்லை என்றால் இந்த உத்தரவுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மனுதாரர் பக்கம்

அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால் ஊழியர்கள் தங்கள் பாக்கியைத் தீர்வு அதிகாரியிடம் கோரலாம். தாமாக அந்த நடவடிக்கையைத் தொடங்குவதற்கு ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும் என்பதால், இரண்டு மாதச் சம்பளம் நிற்கும் ஒருவருக்கு அந்தக் கதவு திறக்காது. அதனால்தான் பணம் இருக்கும்போதே, முதல் மாதம் தவறியபோதே மனுப் போடச் சொல்கிறேன்.

கணக்கெழுதி

அனைவருக்கும் நன்றி. மூன்று ஆவணங்களை இணைத்து நேற்று ஹெச்ஆர் பிரிவுக்கு எழுதினேன்: மேலாளரின் பதில், கணினிப் பிரிவின் மின்னஞ்சல், கடைசிச் சம்பளச் சீட்டு. இன்று காலை திருத்திய கணக்கு வந்தது. திரைக்கான 9,500ஐ எடுத்துவிட்டார்கள். நோட்டீஸ் பிடித்தத்தை 12,000ஆகக் குறைத்து, மீதி 17,867 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். 'மீதி 28,000 ரூபாயைச் சட்டப்படி வசூலிக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம்' என்று ஒரு வரியும் இருக்கிறது. விடுவிப்புக் கடிதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பதினைந்தாண்டு ஹெச்ஆர்

பாதி வரம்பை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 28,000க்காக எந்த நிறுவனமும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் விடுவிப்புக் கடிதத்தைப் பிடித்து வைத்து அதையே கேட்பார்கள். புதிய நிறுவனம் கடிதம் கேட்டால், மேலாளரின் அந்தப் பதிலையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் காட்டுங்கள், பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மனுதாரர் பக்கம்

17,867 வந்ததற்கு, 'பகுதித் தொகையாகப் பெற்றேன், 12,000 பிடித்ததை ஏற்கவில்லை' என்று இன்றே பதில் அனுப்பிவிடுங்கள். பணிக்கொடைக்கு 7 ஆண்டுக் கணக்குடன் எழுத்து விண்ணப்பம் தனியாகப் போகட்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு சட்டத் தொகுப்புகளின் கீழ் வருகின்றன. விலகிய நாளிலிருந்து 30 நாள் எப்போது முடிகிறதோ, அதற்கு அடுத்த நாள் இங்கே எழுதுங்கள்.

வாசற்படி

மூன்று ஆண்டு, வடிவமைப்பாளர் வேலை. நியமன ஆணை எதுவும் தரவில்லை. சம்பளம் மட்டும் மாதாமாதம் வங்கியில் வந்தது. இதை வைத்துக்கொண்டு மனுப் போட முடியுமா?

மனுதாரர் பக்கம்

முடியும். வங்கிக் கணக்கு விவரத்தை மூன்று ஆண்டுக்கும் இறக்கிக்கொள்ளுங்கள். வேலை ஒதுக்கிய மின்னஞ்சல்களையும், 'நாளை முதல் வர வேண்டாம்' என்ற அந்த மின்னஞ்சலையும் நிறுவன முகவரி மூடப்படுவதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.